'கண்டறியப்பட்டுள்ளது' சரி... கண்டுபிடிச்சது யாரு? ஆய்வுத் தமிழ் எங்கே சறுக்குகிறது?

கீழே உள்ள வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

"ஏரிகளின் பராமரிப்பின்மையின் விளைவாக ஏற்பட்ட கொள்ளளவுக் குறைவு, பாசனப் பரப்பின் சுருக்கத்திற்கும், அதன் தொடர்ச்சியாக வேளாண் தொழிலாளர்களின் புலம்பெயர்வுக்கும் காரணமாக அமைந்துள்ளமை இவ்வாய்வின்வழி கண்டறியப்பட்டுள்ளது."

இது எந்த ஆய்வேட்டிலும் இருக்கும் வாக்கியம் இல்லை. யாரையும் குத்திக்காட்ட வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரைக்கென்றே எழுதியது. ஆனால், ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் போய் ஏதாவது ஒன்றை எடுத்துப் பிரித்தால், இதன் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள்.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மொத்தமே 18 சொற்கள். கடினமான கலைச்சொல் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது? ஏரி, பாசனம், புலம்பெயர்வு என்று ஒரு மங்கலான படம். அவ்வளவுதான்.

ஆய்வு நடையைக் கிண்டல் செய்பவர்கள் வழக்கமாக மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். வினையாக இருக்க வேண்டியதைப் பெயராக மாற்றிவிடுவது, 'பட்டது' போட்டுச் செயப்பாட்டு வினையில் எழுதுவது, வாக்கியத்தை ரயில் மாதிரி நீட்டுவது. மூன்றையும் ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இந்த மூன்றுமே தேவையான கருவிகள். எந்த இடத்தில் இவை வேலை செய்கின்றன, எந்த இடத்தில் ஒளிந்துகொள்ள உதவுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெயருக்குள் ஒளிந்த வினை

மேலே உள்ள வாக்கியத்தில் ஒரே ஒரு வினைமுற்றுதான் இருக்கிறது: 'கண்டறியப்பட்டுள்ளது'. ஆனால், அதற்கு முன்பே ஏகப்பட்ட சம்பவங்கள் நடந்து முடிந்துவிட்டன. யாரோ பராமரிக்கவில்லை. ஏதோ குறைந்தது. ஏதோ சுருங்கியது. யாரோ ஊரைவிட்டுப் போனார்கள். இவை எல்லாமே வினைகள். எழுதியவர் இவற்றைப் பராமரிப்பின்மை, குறைவு, சுருக்கம், புலம்பெயர்வு என்று பெயர்களாக்கி அடுக்கிவிட்டார். 'அமைந்துள்ளது' என்ற வினையைக்கூட விட்டுவைக்கவில்லை, 'அமைந்துள்ளமை' ஆக்கிவிட்டார்.

இதனால் என்ன குறைந்துவிட்டது? வினை என்பது கேள்வி கேட்கும். 'பராமரிக்கவில்லை' என்று எழுதினால் 'யார்?' என்ற கேள்வி தானாக வரும். 'போனார்கள்' என்றால் 'எங்கே, எப்போது, எத்தனை பேர்?' என்று வரும். பெயர்ச்சொல் அப்படிக் கேட்காது. 'பராமரிப்பின்மை' என்பது எழுவாய் எதுவும் இல்லாமலே நிம்மதியாக நிற்கும்.

அதனால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பெயரை மறுபடி வினையாக்கி, அது கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்ப்பது.

முதலில் பராமரிப்பின்மை. பராமரிக்காதது யார்? தமிழ்நாட்டில் இது லேசான கேள்வி இல்லை. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தன. இப்போது நீர்வளத் துறையிடம் உள்ளன. அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கெல்லாம் முந்தைய வழக்கத்தில் ஊர்க்காரர்களே குடிமராமத்து என்ற பெயரில் கரையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டார்கள். ஆக, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு துறை, ஒரு ஒன்றியம், ஒரு ஊர் என மூன்று பேர் நிற்கிறார்கள். மூவரில் யார் விட்டுவிட்டார்கள் என்பதுதான் ஆய்வு சொல்ல வேண்டிய சேதி. 'பராமரிப்பின்மை' என்று எழுதியதும் மூவருமே தப்பித்துவிட்டார்கள்.

அடுத்து, கொள்ளளவு ஏன் குறைந்தது? வண்டல் படிந்ததாலா, ஏரிக்குள் ஆக்கிரமிப்பு வந்ததாலா? இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. வண்டல் என்றால் தூர்வார வேண்டும். ஆக்கிரமிப்பு என்றால் நிலத்தை அளக்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் நீதிமன்றம் வரை போக வேண்டும்.

புலம்பெயர்வு? குடும்பத்தோடு நிரந்தரமாகப் போனார்களா, ஆண்டுக்கு ஆறு மாதம் போய்வருகிறார்களா? இன்னொன்றும் கவனிக்கலாம். வாக்கியம் முழுவதிலும் மனிதர்கள் என்று வருவது தொழிலாளர்கள் மட்டும்தான். அவர்களும் 'தொழிலாளர்களின்' என்று வேற்றுமை உருபோடு வந்து ஒரு பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாகிவிட்டுப் போகிறார்கள்.

திருத்தி எழுதினால் என்ன ஆகும்?

சரி, இதையே வினைகளைக் கொண்டு எழுதிப் பார்க்கலாம். இதிலுள்ள எண்களும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவையே.

"இந்த ஏரியைப் பராமரிக்க வேண்டியது ஊராட்சி ஒன்றியம். கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்பதற்கு ஒன்றிய அலுவலகத்தில் பதிவு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். வண்டல் படிந்ததால் ஏரியில் பழைய அளவு தண்ணீர் தேங்குவதில்லை. முன்பு கடைமடை வரை பாய்ந்த தண்ணீர் இப்போது பாதி வயல்களோடு நின்றுவிடுகிறது. பேட்டி கொடுத்த 30 தொழிலாளர் குடும்பங்களில் 18 குடும்பத்தினர் ஆண்டில் ஆறு மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் 11 குடும்பத்தினர் வயல் வேலை இல்லாததை முதல் காரணமாகச் சொன்னார்கள். மற்ற ஏழு பேர் கூலியையும் பிள்ளைகளின் படிப்பையும் சொன்னார்கள்."

இரண்டு விஷயங்கள் இங்கே கண்ணில் படுகின்றன. முதலாவது, இது சுருங்கவில்லை. மூன்று மடங்குக்கும் மேல் நீண்டுவிட்டது. தெளிவாக எழுதினால் சுருக்கமாக வரும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பெயர்ச்சொற்களால் அடைத்த வாக்கியம் உண்மையிலேயே இடத்தை மிச்சப்படுத்தும். ஆய்வுச் சுருக்கத்துக்கு 250 சொற்கள்தான் என்று வரம்பு இருந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவதற்குக் காரணமும் அதுதான்.

இரண்டாவதுதான் முக்கியம். முதல் வாக்கியம் ஏரி பாழானதே மக்கள் போனதற்குக் 'காரணமாக அமைந்துள்ளது' என்று உறுதியாகச் சொன்னது. பிரித்து எழுதியதும் அந்த உறுதி ஆட்டம் காண்கிறது. 18 குடும்பங்களில் 7 குடும்பம் வேறு காரணம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஏரி ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை. பழைய நடையில் இந்த ஓட்டை வெளியே தெரியவே தெரியாது. படிப்பவருக்கு மட்டுமல்ல, எழுதியவருக்கே தெரிந்திருக்காது. நடையைத் திருத்தப் போய் ஆய்வின் முடிவையே திருத்த வேண்டியதாகிவிடுகிறது. ஆகவே இந்த வேலையை வெளியே உட்கார்ந்து பிழை திருத்துபவர் செய்ய முடியாது. யார், எத்தனை பேர் என்பது களத்துக்குப் போனவருக்குத்தான் தெரியும்.

அப்போ பெயராக்கமே வேண்டாமா?

வேண்டும். ஆவியாதல், ஒளிச்சேர்க்கை, மண்ணரிப்பு எல்லாமே வினையிலிருந்து செய்த பெயர்கள்தான். இவை இல்லாமல் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தைக்கூட நடத்த முடியாது.

மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார். நியூட்டன் காலத்து அறிவியல் எழுத்திலிருந்தே ஆய்வாளர்கள் ஒரு நிகழ்வை முதலில் வினையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதையே ஒரு பெயராகச் சுருக்கிக்கொண்டு வாதத்தை முன்னே நகர்த்துகிறார்கள் என்று அவர் காட்டினார். தமிழில் சொல்வதென்றால் இப்படி: "ஏரியில் தேங்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளுக்குப் போகிறது. இந்த ஊறல் நின்றுபோனால் முதலில் வற்றுவது கிணறுகள்தான்." முதல் வாக்கியம் நடப்பதைக் காட்டியது. இரண்டாவது அதை 'ஊறல்' என்று கைக்குள் பிடித்துக்கொண்டது. படிப்பவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

மோசமான ஆய்வு நடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். நிகழ்வைக் காட்டும் முன்பே பெயர் வந்து நிற்கும். 'பராமரிப்பின்மை' என்று முதல் வரியிலேயே வந்துவிட்டால், அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் படிப்பவருக்குச் சாவி இல்லை.

'பட்டது' எங்கிருந்து வந்தது?

பேச்சுத் தமிழில் யாராவது 'கடை மூடப்பட்டுவிட்டது' என்று சொல்கிறார்களா? 'கடையை மூடிட்டாங்க' என்போம். யார் மூடினார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த 'ஆங்க' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். 'சாப்பாடு போட்டாச்சு', 'சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு' என்றும் சொல்வோம். இங்கேயும் செய்தவர் இல்லை, 'பட்டது'ம் இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் மரபுதான் என்று தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கிறது. செய்தவரைச் சொல்லாமல் விடத் தமிழுக்குப் பல வழிகள் உண்டு. எழுதும்போது மட்டும் அத்தனையையும் மறந்துவிட்டு ஆங்கில வாக்கியத்துக்கு ஈடாக எல்லா இடத்திலும் 'பட்டது' ஒட்டுகிறோம்.

ஆனாலும், 'பட்டது' சரியாக உட்காரும் இடம் உண்டு. "வண்டல் மாதிரிகள் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டன." மண்ணின் ஈரப்பதத்தை அளக்கும் ஆய்வகங்களில் இது வழக்கமான முறை. உலர்த்தியது ஆய்வாளரா, அவருடைய உதவியாளரா என்பதால் முடிவு மாறப்போவதில்லை. இன்னொருவர் அதே வேலையைச் செய்து பார்க்க வெப்பநிலையும் நேரமும்தான் தேவை. செயப்பாட்டு வினை இங்கே தேவையில்லாத ஆளை ஒதுக்கிவிட்டுத் தேவையானதை முன்னே வைக்கிறது.

இதே அத்தியாயத்தில் "30 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன" என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க முந்தைய வரி மாதிரியே இருக்கும். ஆனால், இங்கே 'யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்?' என்பதுதான் எல்லாமே. ஊராட்சித் தலைவர் கைகாட்டிய வீடுகளா, ரேஷன் அட்டைப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்ததா? முதலாவது என்றால் அந்த 30 வீட்டின் பதிலை வைத்து ஊரைப் பற்றிப் பேசவே முடியாது. ஆக, விட்டுப்போன ஆளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் முடிவின் மதிப்பு மாறுகிறதா என்று பார்த்தால் போதும். மாறவில்லை என்றால் 'பட்டது' இருந்துவிட்டுப் போகட்டும்.

'ஆய்வில் தன்மை இடத்தில் எழுதக் கூடாதே' என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அது உலக விதி ஒன்றும் இல்லை. டிஎன்ஏ-வின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் இருவரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை 'நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது. அதனால் அதன் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

செய்தித்தாள்களும் இதில் சளைத்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது' என்ற வரி அச்சில் ஏறாத நாள் உண்டா?

நீளமா பிரச்சினை?

வாக்கியம் நீளமாக இருந்தால் புரியாது என்பது இன்னொரு பொதுவான கருத்து. கீழே இரண்டு வாக்கியங்கள்.

"நீர்க்கட்டி காலையில் மடையைத் திறந்து, வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டு, கடைமடை வரை நடந்து பார்த்து, தண்ணீர் சேர்ந்ததும் திரும்பி வந்து மடையை அடைத்தார்."

"ஒன்றிய அலுவலகம் பராமரிக்கத் தவறிய ஏரியை நம்பியிருந்த விவசாயிகள் கைவிட்ட வயல்களில் வேலை பார்த்த தொழிலாளர்கள் குடியேறிய நகரங்களில் கூலி உயர்ந்துள்ளது."

முதலாவதில் 17 சொற்கள், இரண்டாவதில் 16. இரண்டாவதுதான் சின்னது, ஆனால் அதில்தான் மூச்சு முட்டுகிறது. ஏன்? முதல் வாக்கியம் திறந்து, எடுத்துவிட்டு, பார்த்து, வந்து என்று வினையெச்சங்களால் ஆனது. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் செய்கிறார், நடந்த வரிசையிலேயே வாக்கியமும் போகிறது. ஒவ்வொரு படியையும் புரிந்துகொண்டு கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பாட்டி கதை சொல்லும்போது வாக்கியம் முடியாமல் ஓடினாலும் குழந்தைக்குப் புரிவது இதனால்தான்.

இரண்டாவதில் இருப்பவை தவறிய, நம்பியிருந்த, கைவிட்ட, பார்த்த, குடியேறிய என்ற பெயரெச்சங்கள். விவசாயிகள் வந்ததும் 'ஓ, விவசாயிகளைப் பற்றிய வாக்கியம்' என்று நினைக்கிறோம். அடுத்த நொடியே அவர்கள் வயலுக்கு அடைமொழி ஆகிவிடுகிறார்கள். தொழிலாளர்களைப் பிடித்துக்கொள்கிறோம், அவர்களும் நகரத்துக்கு அடைமொழி. கடைசியில் வாக்கியம் கூலியைப் பற்றியதாம்! தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால் அதுவரை எல்லாரையும் தலையில் சுமந்துகொண்டே வர வேண்டும். ஆங்கிலத்தில் முக்கிய வினை பெரும்பாலும் முன்பே வந்துவிடும், விளக்கங்கள் பின்னால் தொங்கும். அங்கே படித்த நீண்ட வாக்கியத்தை அப்படியே தமிழில் கொண்டுவந்தால், பின்னால் தொங்கியதெல்லாம் முன்னால் வந்து குவிகிறது.

இதைவிட ஆபத்தானது, 'இல்லை' என்பது கடைசியில் வருவது. "ஏரியின் கொள்ளளவு குறைந்ததும் பாசனப் பரப்பு சுருங்கியதும் ஒரே காலகட்டத்தில் நடந்துள்ளதால் முன்னதே பின்னதற்கு முழுக் காரணம் என்று முடிவு செய்துவிட இயலாது." கடைசிச் சொல் வரும்வரை எதிர்மாறான கருத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தைப் புரட்டும் அவசரத்தில் ஒருவர் அந்தச் சொல்லைத் தவறவிட்டால், ஆய்வாளர் மறுத்ததையே அவர் சொன்னதாக மேற்கோள் காட்டிவிடுவார். 'இவ்வாறு முடிவு செய்ய இயலாது:' என்று முன்னால் வைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் தீர்ந்தது.

கடினமாக எழுதினால் மதிப்பா?

இவ்வளவு தெரிந்தும் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? நெறியாளர் எதிர்பார்க்கிறார், முந்தைய ஆய்வேடுகள் அப்படித்தான் இருக்கின்றன, எளிமையாக எழுதினால் 'பத்திரிகை நடை' என்று சிவப்புப் பேனா சுழிக்கும் என்ற பயம். அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், கடினமான நடை எழுதியவரை அறிவாளியாகக் காட்டும் என்ற நம்பிக்கையை உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் சோதித்துப் பார்த்தார். எளிய சொற்களை எடுத்துவிட்டுத் தேவையில்லாமல் நீண்ட சொற்களைப் போட்ட பிரதிகளைப் படித்தவர்கள், அவற்றை எழுதியவரின் அறிவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வுக்கு 2006இல் நகைச்சுவை நோபல் எனப்படும் 'இக் நோபல்' கிடைத்தது. அவர் சோதித்தது முக்கியமாகச் சொற்களை. வாக்கிய அமைப்புக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நீட்டிவிடக் கூடாது.

எதிர்த்தரப்பும் உண்டு. டெனிஸ் டட்டன் நடத்திய 'மோசமான எழுத்து'ப் போட்டியில் 1998ஆம் ஆண்டு, தத்துவவாதி ஜூடித் பட்லரின் 90 சொற்களுக்கு மேல் நீண்ட ஒரு வாக்கியம் முதலிடம் பெற்றது. பழகிப்போன மொழியில் பழகிப்போன எண்ணங்களைத்தான் சொல்ல முடியும், அவற்றைக் கேள்வி கேட்கக் கடினமான மொழி தேவைப்படலாம் என்பது அவர் தரப்பு வாதம். தத்துவத்துக்கு அது பொருந்தலாம். ஏரி தூர்ந்துபோனதைச் சொல்ல அந்தச் சலுகையைக் கேட்பது கொஞ்சம் ஓவர்.

இந்த ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்துக்குப் போனால் 'பரிந்துரைகள்' இருக்கும். "ஏரிகள் முறையாகத் தூர்வாரப்பட வேண்டும். நீர்வரத்து வாய்க்கால்களின் ஆக்கிரமிப்பு அகற்றம் உறுதி செய்யப்பட வேண்டும்." இதை எடுத்துக்கொண்டு ஓர் ஊர்க்காரர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் 'இது நீர்வளத் துறை சார் பார்க்கணும்' என்பார்கள். அங்கே போனால் 'உங்க ஏரி 40 ஹெக்டேருக்குக் கீழே, ஒன்றியத்துல கேளுங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். மூன்று ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டில் அந்த ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, அதற்குப் பொறுப்பான அலுவலகம் எது என்ற இரண்டு விவரமும் எங்கோ ஓர் அட்டவணையில் இருந்திருக்கும். பரிந்துரையில் 'ஒன்றியம் தூர்வார வேண்டும்' என்று எழுவாயோடு எழுதியிருந்தால், அந்த மனிதர் முதல் மேசையிலேயே அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டியிருப்பார்.